மாமாவோட 6 வெள்ளி 40 காசு: வச்சிருக்கலாமா, இன்னும் வாங்கலாமா, வித்துடலாமா?

எங்க மாமாவுக்கு வயசு 61, சுங்கை சிப்புட் பக்கத்துல தோட்டத்துல செம்பனக் குலை ஏத்துற லோரி ஓட்டி ரிட்டயர் ஆனவரு. காலையில ஒட்டுக்கடையில பசியாற உக்காந்தா தே தாரிக் வர்றதுக்குள்ள ஃபோன எடுத்து ஷேர் விலைய ஒரு தடவ பாத்துடுவாரு, பாத்துட்டு ஃபோன கவுத்து வச்சிடுவாரு. கவுத்து வச்சாருன்னா இன்னைக்கும் செவப்புதான்னு எனக்குத் தெரியும், நான் கேக்க மாட்டேன். 2020 ஆகஸ்ட்டுல, கோவிட் நேரத்துல, 55 ஆனதும் எடுத்து வச்சிருந்த ஈபிஎப் காசுல ஒரு கையுறைக் கம்பெனி ஷேர 6 வெள்ளி 40 காசுக்கு 2,500 வாங்குனாரு, மொத்தம் 16,000 வெள்ளி. இப்போ அது 80 காசு. கையில இருக்குறது 2,000 வெள்ளி.

கேட்டா ஒரே பதில்தான்: "6.40 வரட்டும் மாப்ள, போட்ட காசு வந்தா போதும், வித்துட்டு தலை முழுகிடுவேன்."

போன தீபாவளிக்கு முன்னாடி அவருக்கு அவசரமா 2,000 வெள்ளி தேவைப்பட்டுச்சு, சின்ன மக காலேஜ் ஹாஸ்டலுக்கு. அவர்கிட்ட இன்னொரு கவுண்ட்டர் இருந்துச்சு, ஒரு பேங் ஷேரு, நல்லா ஏறி இருந்துச்சு, வருஷா வருஷம் டிவிடெண்டும் போட்டுச்சு. எத வித்தாருன்னு நெனைக்கிறீங்க? பேங் ஷேரத்தான். "அதுல லாபம் மாப்ள, வித்தா சந்தோஷம். இத வித்தா 14,000 போச்சுன்னு ஆயிடும்ல"ன்னாரு. அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சது, இந்த 6.40ங்குற நம்பர் மனுஷனோட கையப் புடிச்சி இழுத்துக்கிட்டுப் போவுதுன்னு. காய்க்கிற மரத்த வெட்டிட்டு காய்க்காத மரத்துக்குத் தண்ணி ஊத்துற கதை.

மாமா மட்டும் இல்ல, உலகமே இப்படித்தான். 1985ல ஷெஃப்ரின், ஸ்டாட்மன்னு ரெண்டு பேர் இந்தப் பழக்கத்துக்குப் பேரு வச்சாங்க, லாபத்துல இருக்குறத சீக்கிரம் வித்துட்டு நஷ்டத்துல இருக்குறத கட்டிக்கிட்டு அழுறது. அப்புறம் 1998ல டெரன்ஸ் ஓடியன்னு ஒரு புரொஃபசர் அமெரிக்காவுல ஒரு புரோக்கர்கிட்ட இருந்த 10,000 கணக்க எடுத்துப் பாத்தாரு, 1987லருந்து 1993 வரைக்கும் உள்ளது. ஆளுங்க வித்த லாப ஷேருங்க அடுத்த ஒரு வருஷத்துல, அவங்க விக்காம வச்சிருந்த நஷ்ட ஷேருங்கள விட சராசரியா 3.4 சதவீதம் அதிகமா குடுத்துச்சு. அதாவது எத வித்தாங்களோ அதுதான் நல்லா ஓடுச்சு. அதுல ஒரு சங்கதி நமக்கு முக்கியம்: டிசம்பர் மாசத்துல மட்டும் அவங்க நஷ்டத்த விக்கிறது கூடுது, ஏன்னா அங்க நஷ்டத்தக் காட்டுனா வரியில கழிக்கலாம். நம்ம ஊர்ல தனி ஆளு பூர்சாவுல ஷேர் வித்து லாபம் பாத்தா வரி இல்ல, அதனால நஷ்டத்துக்குக் கழிவும் இல்ல. அவங்களுக்காவது வருஷத்துல ஒரு மாசம் வரி வந்து புடிச்சுத் தள்ளுது, நமக்கு அந்தத் தள்ளும் கெடையாது, நாமளா எந்திரிச்சாத்தான் உண்டு.

சரி, மாமாவுக்கு முன்னாடி நாலு வழி இருக்கு. நான் ஒரு ஞாயித்துக்கெழம கணக்கு நோட்டு எடுத்துட்டுப் போயி அவரு வீட்டு அஞ்சடியில உக்காந்து ஒண்ணொண்ணா போட்டுப் பாத்தோம், அத்தை நடுவுல நடுவுல வந்து ரெண்டு பேரையும் திட்டிட்டுப் போனாங்க.

மொதல் வழி, அவரு இப்போ செய்யிறது: 6.40 வர்ற வரைக்கும் வச்சிருக்குறது. 80 காசு 6.40 ஆவணும்னா எட்டு மடங்கு ஏறணும். வருஷத்துக்கு 10 சதவீதம் ஏறுச்சுன்னா, அதுவே நல்ல ஏத்தம்தான், கிட்டத்தட்ட 22 வருஷம் ஆவும், மாமாவுக்கு 83 வயசு. சரி, 20 சதவீதம்னு வைப்போம், விடாம வருஷா வருஷம், அப்பவும் 11 வருஷத்துக்கு மேல. இதச் சொன்னதும் மாமா "ஒரே வருஷத்துல ஏறுச்சுல்ல 2020ல"ன்னாரு. ஏறுச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா எதனால ஏறுச்சு? உலகம் பூரா ஆஸ்பத்திரியில கையுறை இல்ல, என்ன விலை சொன்னாலும் வாங்குனாங்க, கம்பெனிங்க ஒரே காலாண்டுல பழைய ஒரு வருஷ லாபத்த விட அதிகமா பாத்தாங்க. 2020 நவம்பர் 9ல ஃபைசர் தடுப்பூசி வேல செய்யுதுன்னு அறிவிப்பு வந்துச்சு, அதோட கையுறை ஷேருங்க சரிய ஆரம்பிச்சுச்சு. அப்புறம் பாத்தா, அந்த விலைய நம்பி இங்கயும் சீனாவுலயும் எல்லாரும் புது லைன் போட்டுட்டாங்க, வாங்குனவங்க கிட்டங்கியில பெட்டி பெட்டியா ஸ்டாக்கு, கையுறை விலை பழைய எடத்துக்கே வந்துடுச்சு, ஃபேக்டரி பாதி ஓட்டத்துலதான் ஓடுச்சு. அந்த 6.40 பஞ்ச காலத்து விலை, பஞ்சம் முடிஞ்சிடுச்சு. மாமா கேக்குறது என்னன்னா ஷேர் ஏறணும்னு இல்ல, இன்னொரு கோவிட் வரணும்னு கேக்குறாரு, அத அப்படியே அவருகிட்ட சொன்னேன், அத்தை உள்ளருந்து "வாயக் கழுவு"ன்னாங்க.

இன்னொண்ணு இதுல யோசிக்க வேண்டியது, 6.40ங்குறது மாமாவுக்கு மட்டும் தெரிஞ்ச நம்பர். கம்பெனிக்குத் தெரியாது, மார்க்கெட்டுக்குத் தெரியாது, எதிர் வீட்டு அண்ணன் அதே ஷேர 75 காசுக்கு வாங்கி வச்சிருக்காரு, அவருக்கு அது லாபக் கவுண்ட்டர். ரெண்டு பேரு கையிலயும் இருக்குறது ஒரே ஷேரு, நாளைக்கு ஏறுனா ரெண்டு பேருக்கும் அதே காசுதான் ஏறும், எறங்குனாலும் அப்படித்தான். அப்போ வாங்குன விலைய வச்சு ஒருத்தர் வச்சிருக்கணும், ஒருத்தர் விக்கணும்னு எப்படி முடிவு வரும்?

"விக்காத வரைக்கும் நஷ்டம் இல்ல மாப்ள, பேப்பர்லதான் நஷ்டம்"னு சொல்லுவாரே, நம்ம ஊர்ல ஒட்டுக்கடைக்கு ரெண்டு பேர் இதச் சொல்லுவாங்க. வரி எதுவும் இல்லாத எடத்துல பேப்பர் நஷ்டத்துக்கும் நெஜ நஷ்டத்துக்கும் உள்ள வித்தியாசம் புரோக்கர் கமிஷனும் ஸ்டாம்ப் டூட்டியும்தான். அதுவும் எவ்வளவு? ஸ்டாம்ப் டூட்டி ஆயிரத்துக்கு 1 வெள்ளி, கிளியரிங் கட்டணம் 0.03 சதவீதம், அதாவது 2,000 வெள்ளிக்கு 60 காசு, ஆன்லைன் கமிஷனையும் சேத்தா மாமா கேசுல இருபது வெள்ளி சுமாரு. அந்த 14,000 எப்பயோ போயிடுச்சு, வித்தா போறது இல்ல.

ரெண்டாவது வழிதான் ஆபத்தானது, ஏன்னா பாக்க புத்திசாலித்தனமா இருக்கும்: இன்னும் வாங்கி ஆவரேஜ எறக்குறது. மாமாவோட லோரி கூட்டாளி ஒருத்தர் இத ஓதி விட்டுட்டாரு. ஈபிஎப்ல இன்னும் 30,000 இருக்கு, அதுலருந்து 10,000 எடுத்து 80 காசுக்கு வாங்குனா 12,500 ஷேர் கெடைக்கும், மொத்தம் 15,000 ஷேர், போட்டது 26,000, ஆவரேஜ் 1 வெள்ளி 73 காசு. மாமா கண்ணு மின்னுச்சு. 6.40 எங்க, 1.73 எங்க!

நான் நோட்டுல நடுவுல ஒரு கோடு போட்டேன். இந்தப் பக்கம் பழைய 2,500 ஷேர், அந்தப் பக்கம் புது 12,500. விலை 1 வெள்ளி ஆச்சுன்னா புதுசுல 2,500 வெள்ளி லாபம், பழசுல 500 வெள்ளி ஏறும். இப்போ மாமா வாழ்க்கையில அந்தப் பழைய ஷேர வாங்கவே இல்லன்னு வைங்க, அப்பவும் இன்னைக்கு 10,000 போட்டா புதுசுல அதே 2,500தான். பழைய நஷ்டத்த புதுசு ஒரு காசு கூடக் கொறைக்கல, ரெண்டையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டுனதால நஷ்டம் மெலிஞ்சு போன மாதிரி தெரியுது, அவ்வளவுதான். ஆனா 40 காசுக்கு எறங்குச்சுன்னா? 26,000 போட்டது 6,000 ஆவும், 14,000 நஷ்டம் 20,000 ஆயிடும். அதுவும் ஈபிஎப்ல இருக்குறதுல மூணுல ஒரு பங்கு ஒரே கம்பெனியில போயி உக்காந்துக்கும். ஆவரேஜ் பண்றதே தப்புன்னு நான் சொல்லல. அந்தக் கம்பெனிய இதுக்கு முன்னாடி தொட்டதே இல்லாத ஆளும் இன்னைக்கு 80 காசுக்கு அது மலிவுன்னு சொல்ற மாதிரி காரணம் இருந்தா வாங்கலாம், ஆவரேஜ் எறங்குதுங்குறது அந்தக் காரணம் ஆவாது.

இதுல எனக்கே சூடு பட்ட அனுபவம் இருக்கு, பேரு வேணாம், ஒரு கட்டுமானக் கம்பெனி. 1.20க்கு வாங்குனேன், 40 காசுக்கு வந்தப்போ ஆவரேஜ் பண்ணேன், அப்புறம் ரைட்ஸ் இஷ்யூன்னு, ஷேர் வச்சிருக்குறவங்களுக்கே புது ஷேர் தர்றோம்னு கம்பெனி காசு கேட்டுச்சு, "போடலன்னா ஏற்கனவே போட்டது வீணாப் போயிடுமே"ன்னு அதுக்கும் கட்டுனேன். பத்து ஷேர ஒண்ணாக்குனாங்க, 6 காசு ஷேரு 60 காசுன்னு ஸ்கிரீன்ல தெரிஞ்சுச்சு, எனக்கு என்னமோ ஏறிட்ட மாதிரி ஒரு அல்ப சந்தோஷம், பாத்தா என் 1.20 இப்போ 12 வெள்ளின்னு கணக்கு வச்சுக்கணும். கடைசியில பிஎன்17 லிஸ்டுல போட்டாங்க, பணக் கஷ்டத்துல உள்ள கம்பெனிங்களுக்கு பூர்சா குத்துற முத்திரை அது, அப்புறம் வாங்க விக்கத் தடை, அப்புறம் பூர்சாவுலருந்தே தூக்கிட்டாங்க. சிடிஎஸ் கணக்குல இன்னும் அந்த ஷேரு எண்ணிக்கை நிக்குது, வாங்கத்தான் ஆள் இல்ல. "விக்காத வரைக்கும் நஷ்டம் இல்ல"ங்குறதுக்கு நானே சாட்சி லா, இன்னும் விக்கல.

மூணாவது வழி, மொத்தமா வித்துட்டு வேற எடத்துல போடுறது. மாமாவுக்கு ஈபிஎப்தான் தெரிஞ்ச எடம், அதனால அதையே வச்சு ஒப்பிட்டோம். 60 தாண்டுனவரு, தேவைன்னா எடுத்துக்கலாம், சொந்தமா காசு போடவும் முடியும், வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும். 2023க்கு 5.50 சதவீதம் குடுத்தாங்க, 2024க்கு 6.30. கொறைச்சலா 5.5னு வச்சு பத்து வருஷத்துக்குப் போட்டா 2,000 வெள்ளி சுமாரா 3,400 வெள்ளி ஆவுது. மாமா மூஞ்சி சுருங்கிடுச்சு. "16,000 போட்டு, பத்து வருஷம் கழிச்சு 3,400ஆ?"

இங்கதான் நான் அவர நிறுத்துனேன். 16,000 இந்தக் கணக்குலயே இல்ல மாமா, இன்னைக்கு உங்க கையில இருக்குறது 2,000, அது ரெண்டு ரோட்டுல ஏதோ ஒண்ணுல போவப் போவுது. ஈபிஎப் ரோட்டுல போனா 3,400. அப்போ ஷேரு ரோட்டு அத ஜெயிக்கணும்னா பத்து வருஷத்துல 80 காசு எவ்வளவு ஆவணும்? 2,500 ஷேர், 3,400 வெள்ளி, வகுத்துப் பாருங்க. 1 வெள்ளி 36 காசு வரும், நடுவுல டிவிடெண்ட் வந்தா அதையும் சேத்துக்கலாம்.

மாமா பென்சில வாங்கி அவரே ஒரு தடவ வகுத்துப் பாத்தாரு. அஞ்சு வருஷமா 6.40, 6.40ன்னு பாத்துக்கிட்டிருந்த மனுஷன் மொதல் தடவயா வேற ஒரு நம்பரப் பாக்குறாரு. கேள்வியே மாறிப் போச்சு. "6.40 எப்போ வரும்?"ங்குறதுக்கு யாருகிட்டயும் பதில் இல்ல, "பத்து வருஷத்துல 1.36 தாண்டுமா?"ங்குறதுக்கு உக்காந்து பேசலாம். கம்பெனி இப்போ லாபத்துல ஓடுதா, கடன் எவ்வளவு, கையில ரொக்கம் எவ்வளவு, எத்தன சதவீதம் லைன் ஓடுது, இதெல்லாம் காலாண்டு அறிக்கையில இருக்கு, காலாண்டு முடிஞ்சு ரெண்டு மாசத்துக்குள்ள பூர்சா வெப்சைட்ல போட்டாவணும். அமெரிக்கா சீனாவோட மெடிக்கல் கையுறைக்கு 2025லருந்து வரிய 50 சதவீதமா ஏத்துச்சு, 2026க்கு 100ன்னு சொன்னாங்க, அது மலேசியா கம்பெனிக்கு நல்லது, ஆனா சீனாக்காரன் அமெரிக்காவுக்கு அனுப்ப முடியாதத மத்த நாட்டுல மலிவா தள்ளுவான், அது கெட்டது. ரெண்டு பக்கமும் வாதம் இருக்கு. ஒருத்தர் இதெல்லாம் பாத்துட்டு "தாண்டும்"னு வச்சிருந்தா நான் கேள்வி கேக்க மாட்டேன், அந்த முடிவுல 6.40 எங்கயும் இல்ல பாருங்க.

நான் சும்மா இருக்காம தோட்டத்து உதாரணம் ஒண்ணு சொன்னேன். செம்பன மரம் 25 வருஷம் ஆச்சுன்னா உசரமாயிடும், குலை வெட்ட ஆளு கஷ்டப்படுவான், காய்ப்பும் கொறையும், அப்போ மேனேஜரு மரத்த நட எவ்வளவு செலவாச்சுன்னு பழைய ஃபைல எடுத்துப் பாக்குறாரா, இனிமே இந்த வயலு எவ்வளவு தரும், சாய்ச்சுட்டு புதுக் கன்னு வச்சா எவ்வளவு தரும்னுதானே பாக்குறாருன்னு. மாமா பட்டுன்னு சொன்னாரு, "அது கம்பெனி காசு மாப்ள. மேனேஜரு வேர்வ சிந்துனா சம்பாரிச்சாரு?" எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. பால் மரத்த வெட்டிட்டு செம்பன வச்சப்போ லயத்துல இருந்தவங்க அழுதாங்க, தாத்தா அழுததா அம்மா சொல்லுவாங்க. அந்த அழுகைய நான் தப்புக் கணக்குன்னு சொல்ல மாட்டேன், அது அவங்க வீடு, பொழப்பு, இனிமேயும் அங்கதான் வாழணும்னு நெனச்சது. ஆனா ஷேர்ல யாரும் குடியிருக்கல. அந்த 16,000 பின்னாடி எத்தன ராத்திரி லோரி ஓட்டுனாருன்னு எனக்குத் தெரியும், மார்க்கெட்டுக்குத் தெரியாது, அதுதான் இதுல உள்ள கொடும.

நாலாவது வழி, பாதி வித்துட்டுப் பாதி வச்சிக்கிறது. கணக்குப்படி பாத்தா இது அரைகுறை, வாங்கத் தகுதி இருந்தா முழுசா வச்சிருக்கணும், இல்லன்னா முழுசா விக்கணும். ஆனா மனுஷனுக்கு இது ஒத்து வருது. வித்ததுக்கு அப்புறம் ஏறுனா "பாதியாவது இருக்கே", எறங்குனா "பாதியாவது தப்பிச்சுதே". ஒரு நிபந்தனை மட்டும் நான் விடல: வச்சிருக்குற பாதிக்கு, எப்போ விப்பேன்னு இன்னைக்கே எழுதி வைக்கணும், அந்தக் காரணம் வாங்குன விலையத் தொடக்கூடாது. அடுத்த ரெண்டு காலாண்டும் நஷ்டம் காட்டுனா வித்துடுறதுன்னு எழுதுனோம், தேதி போட்டு, அத்தை அத ஃப்ரிட்ஜ் கதவுல காந்தம் வச்சு ஒட்டிட்டாங்க. "காலாண்டு ரிசல்ட்ட எனக்கும் காட்டணும், இவரு மறைச்சிடுவாரு"ன்னு வேற சொன்னாங்க, அஞ்சு வருஷமா நடந்தது அவங்களுக்கும் தெரிஞ்சுதான் இருந்திருக்கு.

என்னைக் கேட்டா மூணாவதுதான். அதுக்குக் காரணம் ஒரே ஒரு சோதனை. மாமாகிட்ட கேட்டேன், யாரோ ராத்திரியோட ராத்திரியா உங்க கணக்குல பூந்து மொத்தத்தையும் 80 காசுக்கு வித்துட்டாங்க, காலையில பாத்தா 2,000 வெள்ளி ரொக்கமா இருக்கு, இருபது முப்பது வெள்ளி செலவுல திரும்பவும் வாங்கிக்கலாம், வாங்குவீங்களா? ரொம்ப நேரம் பேசல. வாசல்ல நிக்கிற மோட்டரப் பாத்துக்கிட்டே "பேங் ஷேரத் திருப்பி வாங்குவேன்"னாரு. அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு.

ஆனாலும் நாலாவத எடுத்துக்கிட்டாரு. 1,500 ஷேர் விக்கிறது, 1,000 வச்சிக்கிறது. திங்கக்கெழம காலையில ஒட்டுக்கடையில என் முன்னாடியே ஃபோன எடுத்து ஆர்டர் போட்டாரு. மார்க்கெட்டுல 80 காசு, மாமா தட்டுனது 82. ஒரு வெள்ளிக்குக் கீழ உள்ள ஷேருக்கு விலை அரை காசு அரை காசாத்தான் நகரும், அப்போ நாலு படி மேல. ஏன் மாமா, 80லயே வாங்க ஆள் நிக்கிறாங்களேன்னேன்.

"போன வெள்ளிக்கெழம 82க்குப் போச்சு மாப்ள. அந்த விலை வந்தா போதும்."

சாயந்தரம் அஞ்சு மணிக்கு மார்க்கெட் மூடிடுச்சு, ஆர்டர் அப்படியே காலாவதி ஆயிடுச்சு. 1,500 ஷேருக்கு ரெண்டு காசுன்னா 30 வெள்ளி. செவ்வாக்கெழமையும் அதே 82தான் போட்டாரு, புதங்கெழம அத்தை ஃபோன வாங்கி 79.5க்குத் தட்டிட்டு, "ரசம் வைக்கணும், புளி வாங்கிட்டு வாங்க"ன்னு அவரக் கடைக்கு அனுப்பிட்டாங்க.